மத்தியானம் இரண்டரை மணிக்கு ஏன் கணக்கைத் திறக்கக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு மணி நேரம்னா எட்டு மணி நேரம்தானே? வேலையை எப்போது செய்தால் என்ன?

நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூன்று பேர் உட்காரும் சின்ன கணக்கு அலுவலகம் எங்களுடையது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகள், முதுநகரில் ஐஸ் விற்பவர்கள், சில மளிகைக் கடைகள் எல்லாம் எங்களிடம் கணக்கு பார்ப்பவர்கள். காலையில் ஆட்கள் வந்துபோவார்கள், போன் அடித்துக்கொண்டே இருக்கும். மத்தியான வெயிலில் யாரும் படியேற மாட்டார்கள். அதனால் இருப்பதிலேயே கஷ்டமான வேலையை, அதாவது பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் வரிக்கு வரி பொருத்திப் பார்ப்பதை, இரண்டு மணிக்கு மேல்தான் கையில் எடுப்பேன். சத்தமில்லாத நேரம், அதனால் நல்ல நேரம் என்று நினைப்பு.

ஒரு மே மாதம் முந்திரி வியாபாரி ஒருவர் கணக்கில் 27,000 ரூபாய் இடித்தது. மூன்று மணிக்கு உட்கார்ந்து ஐந்தரை வரை தேடினேன். கணக்கு எழுதுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது: வித்தியாசத் தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 27,000-ஐ 9-ஆல் வகுத்தால் 3,000. இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று மத்தியானம் அது எனக்குத் தோன்றவே இல்லை. அதைவிடக் கெடுதல், சரியாக இருந்த இரண்டு பதிவுகளைத் தப்பு என்று நினைத்துத் "திருத்தி" வைத்திருந்தேன்.

மறுநாள் காலை 9.40-க்கு அதே தாளை எடுத்தேன். முதல் வேலையாக 9-ஆல் வகுத்தேன். இடம் மாறிய இலக்கத்தைத் தேடினேன். 1,47,350 என்று இருக்க வேண்டிய ரசீது லெட்ஜரில் 1,74,350 என்று ஏறியிருந்தது. பத்து நிமிஷ வேலை. நான் கெடுத்து வைத்த இரண்டு பதிவுகளைப் பழையபடி ஆக்க இன்னும் அரை மணி நேரம் போயிற்று. ஆள் நான்தான், தாளும் மேஜையும் அதேதான். மாறியது மணி மட்டும்.

சாப்பாட்டினால்தானே மத்தியானம் கண் சொக்குது? சோறைக் குறைத்தால் சரியாகிவிடாதா?

கொஞ்சம் சரியாகும், முழுக்க ஆகாது. மத்தியானம் சாப்பிடாமல் இருப்பவர்களுக்கும் இந்த மந்தம் வருகிறது. வயிறு நிறைய சோறு சாப்பிட்டால் அது இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான்.

காரணம் இரண்டு ஓட்டங்கள் ஒன்றோடொன்று மோதுவது. 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற தூக்க ஆய்வாளர் இதை எழுதி வைத்தார், இன்றுவரை தூக்க ஆய்வின் அடித்தளம் அதுதான். கண் விழித்த நிமிஷத்திலிருந்து உடம்பில் தூக்கத் தேவை ஏறிக்கொண்டே போகிறது. விழித்திருக்கும் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. இது ஒரு ஓட்டம். இன்னொன்று மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். அது பகலில் நம்மை விழிப்பாக வைக்கத் தள்ளிக்கொடுக்கிறது, அந்தத் தள்ளல் மாலையை நோக்கி வலுக்கிறது. காலையில் தூக்கத் தேவை குறைவு, அதனால் தெளிவாக இருக்கிறோம். மாலையில் தேவை அதிகம்தான், ஆனால் கடிகாரம் பலமாகத் தள்ளுகிறது. நடுவில், மத்தியானம், தேவை நன்றாக ஏறிவிட்டது, கடிகாரம் இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

முந்தின ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் பள்ளம் இன்னும் ஆழம். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். கடல்காற்று ஏறாத மே மாத மத்தியானத்தில், கரண்டும் போய்விட்டால், எந்தக் கூட்டலையும் நான் நம்புவதில்லை.

எனக்கு எது தெளிவான நேரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் இருக்கு.

நினைவை நம்பிச் சொல்லாதீர்கள், குறித்துப் பாருங்கள். பன்னிரண்டு வேலை நாள் போதும். அதில் முதல் இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அப்போது கை பழகிக்கொண்டிருக்கும்.

நான் செய்தது இது. ஒரு பழைய பாங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 25 வரி கொண்ட தாள்கள் நிறைய பிரிண்ட் எடுத்தேன். பக்கத்தில் அதே 25 வரி, ஆனால் சில இடத்தில் தொகை மாற்றி வைத்த தாள். தயாரித்தது என் உதவியாளர் பெண், எங்கே மாற்றினாள் என்பது எனக்குத் தெரியாது. தினமும் ஆறு நேரத்தில், 6.45, 9.30, 11.30, 2.30, 4.30, 6.30, ஒரு ஜோடியை எடுத்துப் பென்சிலால் டிக் அடித்துப் பொருத்துவேன். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடும். தொடங்கும் முன் தாளின் மூலையில் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் போடுவேன், இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறேன் என்று. எழுந்த நேரம், தூங்கிய நேரம், கடைசிக் காபி எப்போது, இவையும் மூலையில்.

அந்த எண்ணை முதலிலேயே போட்டுவிட வேண்டும். முடித்த பிறகு போட்டால், வேலை நன்றாகப் போனதா இல்லையா என்பதைத்தான் எழுதுவீர்கள்.

பத்து நாள் தாளைச் சேர்த்துப் பார்த்தால், 9.30-க்கு ஒரு தாள் சராசரியாக 9 நிமிஷம். 11.30-க்கும் மாலை 6.30-க்கும் 10. விடியற்காலை 6.45-க்கு 11. மத்தியானம் 2.30-க்கு 15. நேரம் கூடியது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. தவறுதான் ஆச்சரியம். காலை ஒன்பதரைத் தாள்கள் பத்திலும் சேர்த்து இரண்டு தவறு, இரண்டரைத் தாள்களில் பதினொன்று. மெதுவாகச் செய்தால் கவனமாகச் செய்கிறோம் என்று நினைப்போம். மத்தியானத்தில் மெதுவாகவும் செய்தேன், தப்பாகவும் செய்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பல இரண்டரைத் தாள்களின் மூலையில் நான் 4 போட்டிருந்தேன். மந்தமாக இருக்கிறோம் என்பதே அந்த நேரத்தில் தெரிவதில்லை. அதனால்தான் தாள் வேண்டும் என்கிறேன்.

உங்கள் வேலை வேறு என்றால் வேறு அளவுகோல் எடுங்கள். மொழிபெயர்ப்பவர் ஒரே நீளமுள்ள பத்தியை எடுக்கலாம், படிப்பவர் ஒரே அளவு கஷ்டமான பத்து கணக்கு எடுக்கலாம். நிமிஷமும் தவறும் இரண்டையும் எண்ணக்கூடியதாக இருந்தால் சரி.

அப்புறம் எதை மாற்றினீங்க?

இரண்டே இரண்டு விஷயம்.

காலை 9.30 முதல் 11.30 வரை பொருத்தும் வேலை மட்டும். வாடிக்கையாளர்களிடம் பதினொன்றரைக்கு மேல் வரச் சொன்னேன். முதல் மாதம் சிலருக்கு வருத்தம். "என்னம்மா, காலையில வந்தா பாக்க மாட்டேங்கிறீங்க" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். "ஐயா, உங்க கணக்கைத்தான் உள்ளே பார்த்துட்டு இருக்கேன்" என்று சொன்னேன், அதுவே உண்மையும்கூட. போனை அந்த இரண்டு மணி நேரம் உதவியாளர் எடுப்பார்.

அடுத்தது, இரண்டு முதல் நான்கு வரை திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்வதில்லை. ஜிஎஸ்டி வரிக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் மாற்ற முடியாது, பிழையை அடுத்துவரும் படிவத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். மாதாமாதம் கட்டுபவர்களுக்குக் கடைசித் தேதி 20. ஆனால் சரக்கு வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியின் விவரம் காட்டும் 2பி படிவம் 14-ஆம் தேதியே வந்துவிடுகிறது. அதனால் 15 முதல் 18 வரை உள்ள காலை நேரங்களில் பொருத்தி, மாலை ஐந்தரைக்கு மேல் இரண்டாவது முறை பார்த்து, அப்புறம்தான் தாக்கல். இருபதாம் தேதி மத்தியானம் உட்கார்ந்து தாக்கல் செய்யும் நிலைமைக்கு வந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் வீண்.

மத்தியானத்துக்கு என்ன மிச்சம் என்றால், பில் ஸ்கேன் செய்வது, ஃபைல் அடுக்குவது, பாக்கி கேட்டுப் போன் போடுவது, பாங்குக்குப் போய்வருவது. கை ஓடும், தவறு நடந்தால் கண்ணுக்கு உடனே தெரியும், அந்த மாதிரி வேலை.

எல்லாரும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கச் சொல்றாங்க. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் மண்டையில ஏறுது. நான் சோம்பேறியா, அக்கா? *(அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி, திருப்பாதிரிப்புலியூர்)*

இல்லை தம்பி. உடல் கடிகாரம் ஆளுக்கு ஆள் முன்னே பின்னே ஓடும், வயதுக்கும் அதில் பங்குண்டு. பதின்பருவத்தில் அது பின்னால் தள்ளிக்கொண்டே போய், இருபது வயது வாக்கில்தான் மிகவும் தாமதமாக இருக்கும். பிறகு மெல்ல முன்னே வரும். நாலு மணிக்கு எழச் சொல்லும் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது, அவருக்கு அது உண்மையாகவே நல்ல நேரம். உனக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

உன் கடிகாரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அலாரம் வைக்காத, முந்தின நாள் தூக்கம் கெடாத விடுமுறை நாளில் எப்போது தூங்கி எப்போது எழுகிறாய் என்று பார், அதன் நடுவை எடு. பதினொன்றுக்குத் தூங்கி ஆறுக்கு எழுந்தால் நடு 2.30. ஒன்றுக்குத் தூங்கி ஒன்பதுக்கு எழுந்தால் நடு 5. தூக்க ஆய்வாளர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். நடு 5 உள்ளவன் நாலு மணிக்கு எழுந்தால், தூக்கத்தின் நடுவிலேயே எழுந்து புத்தகத்தைத் திறக்கிறான் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தேர்வு பெரும்பாலும் காலையில்தான் நடக்கும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னிருந்தே எழும் நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிஷம் முன்னே நகர்த்து. எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நில். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். ராத்திரி போன் வெளிச்சம் பின்னே தள்ளும். கடைசி வாரத்தில் மாதிரித் தேர்வைத் தேர்வு நடக்கும் அதே மணிக்கு எழுது.

முதலாளி மூன்று மணிக்குத்தான் ஃபைலைக் கொடுப்பார், ஐந்துக்கு முடிச்சுக் கொடுக்கணும். என் கையில என்ன இருக்கு? *(ஒரு கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருப்பவர், புதுச்சேரி)*

நேரம் உங்கள் கையில் இல்லையென்றால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள் சார். தட்டச்சு, ஒட்டுதல், எண்களை ஏற்றுதல் எல்லாம் மூன்றுக்கே தொடங்குங்கள். முடிவு எடுக்க வேண்டியதையும் சரிபார்க்க வேண்டியதையும் நாலரைக்குத் தள்ளுங்கள். அதற்குள் பலர் பள்ளத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கியிருப்பார்கள்.

சரிபார்க்கும்போது திரையில் பார்க்காமல் தாளில், கீழிருந்து மேலாகப் படியுங்கள். வரிசை மாறினால் கண் அடுத்து வருவதை ஊகித்துக்கொண்டு ஓடாது. முடிந்தால் பக்கத்து ஆள் எண்ணை வாய்விட்டுப் படிக்க, நீங்கள் டிக் அடியுங்கள். பழைய ஆடிட் அலுவலகங்களில் இரண்டு பேர் உட்கார்ந்து இப்படித்தான் செய்வார்கள்.

முதலாளியிடம் பேச வேண்டுமென்றால் "எனக்கு மத்தியானம் தூக்கம் வரும்" என்று ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு நாள் தாளைக் காட்டுங்கள், எந்த நேரத்தில் எத்தனை தவறு என்று. தவறைத் திருத்த ஆன நேரத்தையும் எழுதுங்கள். என் 27,000 ரூபாய்க் கதையில் மத்தியானம் இரண்டரை மணி நேரம், மறுநாள் நாற்பது நிமிஷம் என மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. காலையிலேயே எடுத்திருந்தால் பத்து நிமிஷம்.

ஒரு ஸ்ட்ராங் காபி போட்டால் போதாதா?

காபி அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கத் தேவை குறைவதில்லை, அது தெரியாமல் மறைகிறது. குடித்து இருபது முப்பது நிமிஷத்தில் வேலை காட்டும், அதனால் இரண்டரைக்கு மீட்டிங் என்றால் இரண்டு மணிக்குக் குடிப்பது பொருத்தம். ஆனால் உடம்பில் பாதி குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இதில் நிறைய வித்தியாசம் உண்டு. ஐந்து மணிக் காபியில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் மத்தியானப் பள்ளம் இன்னும் ஆழமாகும், அன்று இரண்டு காபி வேண்டியிருக்கும். நான் மூன்று மணிக்கு மேல் நிறுத்திவிட்டேன்.

காபியைவிட நல்லது பதினைந்து இருபது நிமிஷத் தூக்கம். புதுச்சேரியில் பல கடைகள் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு மாலை திறப்பார்கள். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஆனால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போய்விட்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுவீர்கள், தலை தெளிய அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

எனக்குக் காலை ஒன்பதரைதான் நல்ல நேரம்னு தாள் சொல்லுது. ஆனா அப்போ சின்னவனைக் குளிப்பாட்டிட்டு இருப்பேன். வீட்டிலிருந்து தையல் வேலை செய்யறேன்.

இதைக் கேட்கும் அம்மாக்கள் பலர், கேள்வி நியாயமானது. உச்சம் முழுவதையும் பிடிக்க வேண்டியதில்லை. நாற்பது நிமிஷம் கிடைத்தாலும் அதில் துணி வெட்டுவதை மட்டும் வையுங்கள் அம்மா. தையலில் திரும்ப எடுக்க முடியாதது அதுதான். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. அளவு எழுதுவது, காஜா எடுப்பது, ஹெம்மிங் எல்லாம் மத்தியானத்துக்குப் போகட்டும். காலையில் அந்த நாற்பது நிமிஷமும் இல்லையென்றால் மாலை ஆறு மணி வாக்கில் பாருங்கள். பலருக்கு அங்கே இரண்டாவது மேடு இருக்கும், அந்த நேரம் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பார்கள்.

நெய்வேலியில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் மாறுது. எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

முழுதாகப் பொருந்தாது. கடிகாரம் ஷிப்ட்டோடு சேர்ந்து அவ்வளவு வேகமாக நகராது, அது நகரத் தொடங்கும்போது உங்கள் ஷிப்ட் மாறிவிடும். ஆனால் ஒன்று நிச்சயம்: இரவு ஷிப்ட்டில் விடியற்காலை மூன்று முதல் ஆறு வரைதான் மிக மோசமான பள்ளம், உடம்புச் சூடு மிகவும் இறங்கும் நேரமும் அதையொட்டியே வரும். வேலையை வரிசைப்படுத்தும் உரிமை உங்களுக்கு இருந்தால், கவனம் அதிகம் தேவைப்படுவதை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. இருபது நிமிஷம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், தயவுசெய்து.

90 நிமிஷத்துக்கு ஒருமுறை உச்சம் வரும்னு சொல்றாங்களே?

தூக்கத்தில் ஏறக்குறைய 90 நிமிஷச் சுழற்சி உண்டு. விழித்திருக்கும்போதும் அது தொடர்கிறது என்று கிளைட்மன் என்ற ஆய்வாளர் நினைத்தார், ஆனால் அதற்கு ஆதாரம் பலமாக இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நல்லதுதான். அதற்கு மேல் இதை வைத்து அட்டவணை போடாதீர்கள்.

பத்து நாள் குறிச்சுப் பார்த்தேன். எல்லா நேரமும் 2, 3 தான். உச்சமே இல்லை.

முதலில் தாளின் மூலையில் எழுதிய தூக்க நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் நீங்கள் அளந்தது கடிகாரத்தை அல்ல, தூக்கக் கடனைத்தான். ஒரு வாரம் ஏழரை மணி நேரம் தூங்கிவிட்டு மறுபடி குறியுங்கள்.

தூக்கம் போதுமான அளவு இருந்தும் இப்படியே என்றால், ராத்திரி குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். அப்படியிருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூக்கம் சேராது. ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி நாள் முழுக்கச் சோர்வு தரும். எங்கள் அலுவலகப் பெண்ணின் தாள்கள் இப்படித்தான் தட்டையாக வந்தன. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 இருந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி தாள் எடுத்தோம். அவளுடைய நல்ல நேரம் பதினொன்றரை என்று வந்தது, என்னுடையதற்கு இரண்டு மணி நேரம் பின்னால். இப்போது நான் பொருத்தி வைக்கும் கணக்கை அவள் அந்த நேரத்தில் எடுத்து மறுபடி பார்க்கிறாள்.